கண்ணாடியோடு ஒட்டிப்போன 1984 குரூப் போட்டோ: டீச்சரின் கடிதம், எங்கிருந்து தொடங்குவது?

தாராவி_84 | 9 நவம்பர் 2024, இரவு 10.40

எங்கள் தமிழ் டீச்சரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. வேண்டிய பகுதியை அப்படியே தட்டச்சு செய்கிறேன்.

"அன்புள்ள தம்பிக்கு, ஆசிகள். 84இல் எஸ்.எஸ்.சி. எழுதிய உங்கள் வகுப்பின் ஒன்றுகூடல் ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகியிருக்கிறது. நீ போட்டோ வேலை நன்றாகச் செய்வாய் என்று உன் வகுப்புக்காரர்கள் சொன்னார்கள். என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் உங்கள் குரூப் போட்டோ மங்கிவிட்டது. கடைசி வரிசையில் நிற்பவர்கள் முகம் எனக்கே தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கலாம் என்று பார்த்தேன், படம் இடது கீழ் மூலையில் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது. கொஞ்சம் இழுத்தேன், கிழிவது போலிருந்தது, விட்டுவிட்டேன். கீழே பெயர் எழுதிய பட்டையில் இரண்டு பெயரை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. இதைச் சரிசெய்து ஆளுக்கு ஒரு பிரதியும், மண்டபத்தில் வைக்கப் பெரிதாக ஒன்றும் வேண்டும். படம் எடுத்த அன்று காய்ச்சலில் வராமல் போன பிள்ளையையும் எங்காவது சேர்க்க முடியுமா பார். கலர் ஆக்க முடிந்தால் அதுவும்."

படம் கருப்பு வெள்ளை, 10×12 அங்குலம், தடித்த அட்டையில் ஒட்டியது. மொத்தம் 42 பேர்: தரையில் 9, நாற்காலியில் 8 (அதில் 4 பேர் ஆசிரியர்கள்), நிற்பவர்கள் 12, பெஞ்சின் மேல் நிற்பவர்கள் 13. கணினியில் திருத்தும் வேலை எனக்குப் பழக்கம்தான். பழைய பிரிண்ட்டைக் கையாளும் பழக்கம் இல்லை. முதலில் கண்ணாடியிலிருந்து பிரிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எப்படி?

சயான்வாசி | 9 நவம்பர், இரவு 11.25

தண்ணியில ஊற வைங்க. அறை வெப்பத்துல இருக்கிற சுத்தமான தண்ணி, ஒரு தட்டுல கண்ணாடியோட போட்டு ஒரு மணி நேரம் விட்டா தானா நழுவி வந்துடும். போட்டோ கழுவுனதே தண்ணியிலதானே? எங்க வீட்டு ஆல்பத்து கலர் படம் மூணு அப்படித்தான் கண்ணாடியில இருந்து எடுத்தோம், ஒண்ணும் ஆகல.

ஒளித்தட்டு | 10 நவம்பர், காலை 6.50

இந்தப் படத்தைத் தண்ணீரில் போடாதீர்கள். தயவுசெய்து.

சயான்வாசி சொன்னது அவர் படத்துக்குப் பொருந்தியிருக்கும். 80களின் கலர் பிரிண்ட் பெரும்பாலும் இரு பக்கமும் பிளாஸ்டிக் பூசிய காகிதம். தண்ணீர் காகிதத்துக்குள் இறங்காது, மேலே உள்ள ஜெலட்டின் மட்டும் இளகும், படம் நழுவி வரும். டீச்சரிடம் இருப்பது அட்டையில் பசை போட்டு ஒட்டிய பிரிண்ட். ஊற வைத்தால் அட்டை உப்பும், பசை கரையும், அட்டையின் பழுப்புச் சாயம் படத்துக்குள் ஏறும், பெயர்ப் பட்டையின் மை ஓடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து பூஞ்சணம். மும்பையில் நாற்பது மழைக்காலம் சுவரில் தொங்கிய படத்தில் பூஞ்சணம் இல்லாமல் இருக்காது. பூஞ்சணம் ஜெலட்டினைத் தின்னும்போது அதைத் தண்ணீரில் கரையும் பொருளாக மாற்றிவிடுகிறது. கண்ணால் பார்த்தால் முகம் முழுசாக இருக்கும். தண்ணீர் பட்டதும் அந்த இடம் மட்டும் சளிபோல வழிந்து போய்விடும். திரும்ப எடுக்க வழியே இல்லை.

பிரிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. உங்களுக்கு வேண்டியது படத்தில் உள்ள தகவல், அதைக் கண்ணாடி வழியாகவே எடுத்துவிடலாம். சட்டத்தின் பின்பக்க ஆணிகளை மட்டும் பிடுங்கி, பின்பலகையை எடுத்துவிட்டு, கண்ணாடி, படம், அட்டை மூன்றையும் ஒரே துண்டாக வெளியே எடுங்கள். எடுத்துப்போகும்போது கண்ணாடி கீழே, அட்டை மேலே. அப்போது அட்டையின் எடை ஒட்டிய மூலையை இழுக்காது. கண்ணாடி மேலே இருக்கும்படி பிடித்தால் அட்டை தொங்கும், கிழிசல் நீளும்.

பிறகு ஸ்கேனர். கண்ணாடியின் தடிமனால் படம் ஸ்கேனர் தட்டிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். பிரிண்டரோடு சேர்ந்து வரும் மெல்லிய ஸ்கேனர்களும் யூ.எஸ்.பி. மின்சாரத்திலேயே ஓடும் ஸ்கேனர்களும் தட்டை ஒட்டியிருப்பதை மட்டும்தான் கூர்மையாகப் பிடிக்கும். உள்ளே லென்ஸும் கண்ணாடிகளும் வைத்த தடித்த வகை ஸ்கேனர் இந்த இடைவெளியைத் தாங்கும். 600 டிபிஐ, கலர் 48 பிட். ஏ4 தட்டில் 12 அங்குலம் அடங்காது, இரண்டு பாதியாக எடுத்து இணையுங்கள். இரண்டாவது பாதிக்குப் படத்தைத் தலைகீழாகத் திருப்பாதீர்கள். வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து விழும், இணைப்புக் கோட்டில் நிழல் மாறும்.

சயான்வாசி | 10 நவம்பர், காலை 9.15

அட்டை, பூஞ்சணம் ரெண்டையும் நான் யோசிக்கல. தண்ணி யோசனையை வாபஸ் வாங்கிக்கிறேன்.

செம்பூர்_ஆல்பம் | 10 நவம்பர், மதியம் 1.05

எங்க அக்கா கல்யாண ஆல்பம் 1981. எல்லாப் படமும் சிவப்பா மாறிடுச்சு, பச்சைப் பட்டு தவிட்டு நிறமா தெரியுது. இந்த முறை அதுக்கும் சரியா வருமா? ஆல்பம் வெளிச்சமே படாம பீரோவுல இருந்துச்சு, அப்புறம் எப்படி வெளுத்துச்சு?

ஒளித்தட்டு | 10 நவம்பர், மதியம் 2.30

அது வேறு நோய். கலர் பிரிண்ட்டில் மூன்று சாயம் இருக்கிறது. அந்தக் காலக் காகிதங்களில் நீலப்பச்சைச் சாயம் இருட்டிலேயே, வெறும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் அழியும். அது போனதும் மிச்சம் சிவப்பாகத் தெரிகிறது. பீரோவுக்குள் இருந்ததால்தான் சிவப்பு. சுவரில் வெயில் பட மாட்டியிருந்தால் பொதுவாக மெஜந்தா முதலில் போய், வேறு நிறமாக மாறியிருக்கும். ஸ்கேன் செய்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சேனல்களுக்கும் லெவல்ஸைத் தனித்தனியாக இழுத்தால் பட்டுப்புடவையின் பச்சை பெரும்பாலும் திரும்பும். தனி இழை போடுங்கள், அங்கே விரிவாகப் பேசலாம்.

பழைய_நெகடிவ் | 11 நவம்பர், இரவு 8.20

தம்பி, திருத்த உட்காரும் முன்னாடி உங்க வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி போடுங்க. "இந்தப் போட்டோவின் பிரதி யார் வீட்டில் இருக்கு?" குரூப் போட்டோ எடுத்த ஸ்டுடியோ ஒரே நெகடிவ்விலிருந்து காசு கொடுத்த எல்லாருக்கும் பிரிண்ட் போட்டுத் தரும். 38 பிள்ளைகளில் பத்துப் பேராவது வாங்கியிருப்பாங்க. ஒரே நெகடிவ், ஆனா ஒவ்வொரு பிரதியும் வெவ்வேறு வீட்டில் வெவ்வேறு மாதிரி கெட்டிருக்கும். டீச்சர் பிரதியில் கடைசி வரிசை போயிருந்தா, டிரங்குப் பெட்டியில் துணிக்கு நடுவே கிடந்த இன்னொரு பிரதியில் அதே வரிசை நல்லாயிருக்கலாம். அதிலிருந்து எடுத்துப் பொருத்தினா அது கற்பனை இல்ல, அதே நெகடிவ்வோட முகம்.

இன்னொரு விஷயம். பத்து மடங்கு லூப் வச்சு ஒரு முகத்தைப் பாருங்க. மணல் மாதிரி துகள் தெரிஞ்சா சின்ன நெகடிவ்விலிருந்து பெரிசாக்கினது. துகளே தெரியாம வழுவழுன்னு இருந்தா பெரிய பிளேட் கேமராவில் எடுத்தது. எவ்வளவு நுணுக்கம் கிடைக்கும்கிறதை அதுதான் தீர்மானிக்கும்.

தாராவி_84 | 14 நவம்பர், இரவு 9.45

படம் கைக்கு வந்துவிட்டது. ஒளித்தட்டு சொன்னபடி மூன்றும் ஒரே துண்டாக, கண்ணாடி கீழே வைத்து எடுத்து வந்தேன். ஒட்டியிருக்கும் இடம் நான்கு விரல் அகலம்: தரையில் உட்கார்ந்த வரிசையின் முதல் இரண்டு பேர். அந்த இடம் ஈரமானது போல அழுத்தமாகத் தெரிகிறது. மற்ற இடம் வெளிறிப் பழுப்பாக இருக்கிறது.

லூப்பில் துகள் தெளிவாகத் தெரிகிறது.

தெரிந்தவர் ஒருவரின் தடித்த ஸ்கேனரில் ஒரு சோதனை எடுத்தேன். கூர்மை சரி. ஆனால் படத்தின் நான்கு ஓரங்களிலும், குறிப்பாகக் கருப்பாக இருக்க வேண்டிய தலைமுடியின் மேல், நீலம் கலந்த சாம்பல் பளபளப்பு. சாய்த்துப் பார்த்தால் ஈயத்தாள் மாதிரி மின்னுகிறது. கடைசி வரிசையில் இடது ஓரத்து நான்கு பேருக்குத் தலைமுடியும் பின்னால் உள்ள சுவரும் ஒரே நிறம். கண்ணாடி அழுக்கா?

ஒளித்தட்டு | 14 நவம்பர், இரவு 10.30

அழுக்கு இல்லை, வெள்ளி பூத்திருக்கிறது. படத்தைக் கருப்பாக்குவது ஜெலட்டினுக்குள் இருக்கும் வெள்ளித் துகள். ஈரக்காற்றும் அட்டையிலிருந்து வரும் ஆவியும் அதை அரிக்கும்போது வெள்ளி கரைந்து மேற்பரப்புக்கு வந்து, அங்கே மறுபடி உலோகமாகப் படிகிறது. காற்று ஓரத்திலிருந்து நுழைவதால் ஓரம் முதலில் பூக்கும். வெள்ளி அதிகம் இருப்பது கருப்புப் பகுதியில், அதனால் தலைமுடியில் அதிகம்.

ஸ்கேனர் என்று நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். இதற்கு ஸ்கேனர் ஆகாது. அதன் விளக்கு அந்த வெள்ளிப் படலத்தில் பட்டுத் திரும்புகிறது, கீழே இருக்கும் கருப்பு மறைந்துவிடுகிறது. அந்தக் கருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. கேமராவும் போலரைசரும் வேண்டும்.

மேசையில் படத்தை வையுங்கள், இம்முறை கண்ணாடி மேலே. அட்டைக்கு அடியில் சமமான ஃபோம் பலகை வைத்துத் தாங்குங்கள், எந்த ஓரமும் தொங்கக் கூடாது. கேமரா நேர் மேலே. இரண்டு பக்கமும் 45 டிகிரி சாய்வில் இரண்டு எல்.இ.டி. விளக்கு. விளக்குகளின் முன்னால் போலரைசர் தாள் ஒட்டுங்கள், இரண்டிலும் கோடு ஒரே திசையில் இருக்க வேண்டும். ஹாலஜன் விளக்கு வேண்டாம், தாள் உருகும். லென்ஸில் சுழலும் போலரைசர் ஃபில்டர். படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்பூன் வைத்து, ஃபில்டரைச் சுழற்றுங்கள். ஸ்பூனில் தெரியும் விளக்கின் பளிச்சிடும் புள்ளி கரும் ஊதாவாகச் செத்துப்போகும் இடத்தில் நிறுத்துங்கள். உலோகம் ஒளியைத் திசை மாற்றாமல் அப்படியே திருப்பி அனுப்புகிறது, லென்ஸ் அந்தத் திசையை மறிக்கிறது. ஸ்பூனுக்கு நடப்பதுதான் வெள்ளிப் படலத்துக்கும், கண்ணாடி மேல் விழும் பிரதிபலிப்புக்கும் நடக்கும்.

கேமரா படத்துக்கு இணையாக இருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடியின் நடுவில் முகம்பார்க்கும் கண்ணாடியின் சின்னத் துண்டு ஒன்றை வையுங்கள். அதில் தெரியும் லென்ஸ் வட்டம் திரையின் நடுவில் விழுந்தால் சரி.

வெளிச்சம் ஏறக்குறைய எட்டு மடங்கு குறையும். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, நொடிக்கணக்கில் திறப்பு, இரண்டு நொடி டைமர். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், மேசை அதிரும். கண்ணாடியைத் துடைக்க வேண்டுமென்றால் மைக்ரோஃபைபர் துணியால் உலர்வாக. நேரடியாக ஸ்ப்ரே அடித்தால் திரவம் ஓரத்தில் இழுபட்டு உள்ளே போகும், ஒட்டும் இடம் பெரிதாகும்.

தாராவி_84 | 17 நவம்பர், இரவு 7.30

போலரைசர் தாள் ஃபோர்ட் போரா பஜாரில் வாங்கினேன். என் கேமராவில் படத்தின் 12 அங்குலத்துக்கு 5400 பிக்செல் கிடைக்கிறது, அதாவது 450 டிபிஐ.

ஸ்பூனை வைத்து ஃபில்டரைச் சுழற்றினேன். புள்ளி சுருங்கிக் கருத்த அதே நொடியில் திரையில் கடைசி வரிசையின் இடது ஓரம் கருத்தது. சாம்பல் படலம் விலகி, சுவர் ஒரு பக்கம், தலைமுடி ஒரு பக்கம் என்று பிரிந்தது. இரண்டாவதாக நிற்பவனுக்கு நடு வகிடு இருப்பது இப்போதுதான் தெரிகிறது. ஒட்டிய மூலைக்கும் மற்ற இடத்துக்கும் இருந்த வித்தியாசமும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

ஆனால் முகங்கள் இன்னும் மங்கல்தான். நெற்றி, கன்னம், மூக்கு எல்லாம் ஒரே வெளிர்மஞ்சள். கண் மட்டும் புள்ளியாகத் தெரிகிறது. இடையில் பழுப்புக் கறை வேறு. கருப்பு வெள்ளையாக மாற்றி கான்ட்ராஸ்ட் ஏற்றினால் முகத்தோடு கறையும் ஏறுகிறது.

சயான்வாசி | 17 நவம்பர், இரவு 8.10

கறைக்கு சிவப்பு சேனல் மட்டும் எடுத்துக்குங்க. மஞ்சளும் பழுப்பும் சிவப்புல கிட்டத்தட்ட வெள்ளையா போயிடும். பழைய ஆவணங்களுக்கு நான் எப்பவும் அதைத்தான் பண்றேன்.

ஒளித்தட்டு | 18 நவம்பர், காலை 6.35

கறைக்கு அது சரி. முகத்துக்கு நேர் எதிர்.

அரிக்கப்பட்ட வெள்ளி கருப்பாக இல்லாமல் மஞ்சள்பழுப்பாக மாறியிருக்கிறது. கன்னத்துக்கும் மூக்குக்கும் இருந்த மெல்லிய நிழல் வித்தியாசம் இப்போது அந்த மஞ்சளில்தான் பதிந்திருக்கிறது. கறையும் மஞ்சள், முகமும் மஞ்சள். சிவப்பு சேனல் எடுத்தால் கறையோடு மூக்கும் போய்விடும். மஞ்சள் உறிஞ்சுவது நீல ஒளியை. அதனால் நீல சேனலில் அந்த மஞ்சள் கருமையாகத் தெரியும், முகம் திரும்பும். இதற்காகத்தான் முதலிலேயே கலரில் எடுக்கச் சொன்னேன். கிரேஸ்கேலில் எடுத்திருந்தால் இந்த வாய்ப்பே இல்லை.

அதனால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கறை இல்லாத முகத்துக்கு நீலம், சுவர், தரை, சட்டை மேல் உள்ள கறைக்குச் சிவப்பு. இரண்டையும் தனித்தனி அடுக்காக வைத்து மாஸ்க்கில் தூரிகையால் மாற்றுங்கள். மாற்றும் முன் இரண்டின் பிரகாசத்தையும் கர்வ்ஸில் சமன் செய்தால்தான் எல்லைக்கோடு தெரியாது.

கேமராவில் நீல சேனல்தான் அதிகம் இரையும். சென்சாரில் நான்கில் ஒரு புள்ளிதான் நீலம், அதோடு பிரிண்ட்டும் மஞ்சள். கேமராவைத் தொடாமல் எட்டு தடவை எடுத்து, ரா ஃபைலை ஒரே அமைப்பில் 16 பிட் டிஃப் ஆக்கிச் சராசரி எடுங்கள். இரைச்சல் மூன்றில் ஒரு பங்காகும்.

```
magick p*.tif -evaluate-sequence mean sarasari.tif
magick sarasari.tif -channel B -separate neelam.tif
magick sarasari.tif -channel R -separate sivappu.tif
```

எட்டில் ஒன்று அசைந்திருந்தாலும் முகம் மசமசவென்று வரும். முதல் படத்தையும் எட்டாவதையும் மேலே மேலே வைத்து அணைத்து அணைத்துப் பார்த்துவிடுங்கள்.

தாராவி_84 | 23 நவம்பர், இரவு 11.15

நீல சேனலில் கடைசி வரிசையின் 13 பேரில் 10 பேர் முகமாக வந்துவிட்டார்கள். ஒருவனுக்கு விபூதிக் கீற்று தெரிகிறது, வெறும் கண்ணில் அந்த இடம் வெறும் மஞ்சள். இடமிருந்து 2, 3, 7 ஆகிய மூன்று பேர் மட்டும் வரவில்லை. அவர்கள் மேல் பூஞ்சணம் கிளைவிட்டுப் படர்ந்திருக்கிறது, அந்த இடத்தில் ஜெலட்டினே அரிந்திருக்கிறது.

பழைய_நெகடிவ் சொன்ன கேள்வியையும் குழுவில் போட்டேன். இரண்டு பிரதி கிடைத்தன. ஒன்று திருநெல்வேலியிலிருந்து, செல்போனில் எடுத்து அனுப்பியது. இன்னொன்று இங்கேயே முலுண்டில், அட்டை இல்லாமல் ஒரு பாடப்புத்தகத்துக்குள் இருந்தது. குறுக்கே மடிப்பு இருக்கிறது, ஆனால் கடைசி வரிசை தெளிவு!

முலுண்டு பிரதியையும் அதே விளக்கில் எடுத்துப் பொருத்திப் பார்த்தேன். நாற்காலிக்காரர்கள் அச்சாகப் பொருந்துகிறார்கள். மேல் வரிசையில் ஒருவன் தலை மட்டும் அரை முகம் தள்ளிப் போகிறது. பிரிண்ட் சுருங்கினால் இப்படி ஆகுமா?

பழைய_நெகடிவ் | 24 நவம்பர், காலை 7.40

சுருங்கினா பக்கத்தில் இருக்கிறவனும் சேர்ந்து தள்ளிப் போவான். ஒருத்தன் மட்டும் தள்ளிப் போனா அது வேற நெகடிவ். கண் மூடினவங்களுக்காக எந்த ஸ்டுடியோவும் ரெண்டு மூணு தடவை எடுக்கும். ஒண்ணு நல்லா வந்ததுன்னு ஆசிரியருக்கு, இன்னொண்ணு தேவைக்குன்னு பிரிண்ட் ஆகியிருக்கும். நாற்காலியில் இருக்கிறவங்க கை விரலைப் பாருங்க, தரையில் இருக்கிற பிள்ளைங்க காலைப் பாருங்க. எங்காவது மாறியிருக்கும்.

தாராவி_84 | 24 நவம்பர், இரவு 9.00

ஆமாம். தரையில் ஐந்தாவதாக இருப்பவன் டீச்சர் படத்தில் கை கட்டியிருக்கிறான், முலுண்டு படத்தில் முழங்கால் மேல் கை. இரண்டு வேறு நெகடிவ்.

அப்படியானால் அந்த மூன்று முகங்களை முலுண்டு படத்திலிருந்து எடுப்பது சரியா? அதே நாள், அதே இடம், அதே பிள்ளைகள், சில நொடி வித்தியாசம்.

ஒளித்தட்டு | 25 நவம்பர், காலை 7.10

நான் எடுப்பேன். எடுத்ததை எழுதி வைப்பேன். மூலப் படத்தின் சராசரி ஃபைலைத் தொடாமல் ஒன்று, பொருத்திய படம் வேறாக ஒன்று. பொருத்திய படத்தின் பின்பக்கம் "மேல் வரிசை இடமிருந்து 2, 3, 7: வேறு பிரதியிலிருந்து" என்று ஒரு வரி. தலை சாய்ந்திருப்பவனைத் திருப்பி நேராக்க வேண்டாம், கழுத்து பொருந்தாது. தலையோடு கழுத்து, காலர் வரை சேர்த்து எடுங்கள்.

பொருத்திய இடம் பொய்யாகத் தெரிவதற்கு முதல் காரணம் துகள். டீச்சர் படத்தில் ஒரு மாதிரி துகள், முலுண்டு படத்தில் வேறு. ஒட்டிய முகம் மட்டும் வழுவழுப்பாக நிற்கும். திரையில் 100 சதவீதத்தில் பார்த்து, ஒட்டிய பகுதிக்கு மட்டும் துகள் சேருங்கள்.

பழைய_நெகடிவ் | 25 நவம்பர், மதியம் 12.20

நான் எடுக்க மாட்டேன். முலுண்டு படமே கடைசி வரிசைக்கு நல்லாயிருந்தா அதையே முழுசா சரிசெய்து அச்சடிங்க. மடிப்பை மறைக்கிறது மூணு முகத்தை மாத்துறதைவிட எளிது. ரெண்டு நொடியைக் கலந்து ஒரு நொடியா காட்டுறது எனக்கு ஒப்பல.

தாராவி_84 | 25 நவம்பர், இரவு 10.00

முலுண்டு படத்தில் டீச்சர் கண் மூடியிருக்கிறார்.

பழைய_நெகடிவ் | 25 நவம்பர், இரவு 10.25

சரி, அப்போ டீச்சர் படம்தான். முகம் மாத்துறதைப் பத்தி என் கருத்து மாறல. டீச்சர்கிட்டயே கேட்டுடுங்க.

அச்சுக்கூடம் | 1 டிசம்பர், மாலை 5.15

அச்சு பற்றி யாரும் பேசவில்லை. உங்கள் 5400 பிக்செலுக்கு: ஆளுக்கொரு பிரதி 10×12லேயே போடுங்கள். 8×10 போட்டால் விகிதம் மாறும், மேலோ கீழோ கொஞ்சம் வெட்டுப்படும். மண்டபத்துக்கு 20×24 போட்டால் அங்குலத்துக்கு 225 பிக்செல், பக்கத்தில் நின்று விரலால் காட்டி "இது யார்" என்று கேட்கப் போதும். ஆறடி ஃப்ளெக்ஸ் வேண்டுமென்றால் 75 பிக்செல்தான். ஏழெட்டு அடி தள்ளி நின்றால் நன்றாக இருக்கும், பக்கத்தில் வந்தால் துகள்தான் தெரியும். அதனால் ஃப்ளெக்ஸ் மேடைக்குப் பின்னால், 20×24 வாசலில்.

கருப்பு வெள்ளைப் படம் கலர் காகிதத்தில் அச்சாகும்போது கொஞ்சம் பச்சையோ மெஜந்தாவோ அடிக்கும். 38 பிரதிக்கு ஆர்டர் கொடுக்கும் முன், முகங்கள் உள்ள ஒரு பட்டையை 4×6இல் போடச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். லேபின் குழல்விளக்கில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். மேட் காகிதம் எடுங்கள், பளபளப்பில் மண்டப விளக்கு பிரதிபலிக்கும். கடைக்காரரிடம் "ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம்" என்று சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் மெஷின் தானாகக் கான்ட்ராஸ்ட் ஏற்றி, நீங்கள் கஷ்டப்பட்டு மீட்ட கன்னத்து நிழலை வெள்ளையாக்கிவிடும்.

செம்பூர்_ஆல்பம் | 1 டிசம்பர், இரவு 8.50

வராத பிள்ளையைப் பின்வரிசையில் ஒட்டிடலாமே? இடம் இருக்கும்.

பழைய_நெகடிவ் | 1 டிசம்பர், இரவு 9.30

வேண்டாம். வெளிச்சம் வேற பக்கத்திலிருந்து விழும், உயரம் தப்பும், பார்த்தவுடனே தெரியும். இதுக்கு ஸ்டுடியோவில் எப்பவும் இருந்த வழி இன்செட். மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம், அதுக்குள்ள முகம், பெயர்ப் பட்டையில் "இன்செட்" என்று பெயர். வராதவங்களுக்கு அந்தக் காலத்திலேயே அப்படித்தான் மரியாதை. அந்த வருஷத்துப் படமா இருக்கணும், இப்போதைய ஆதார் படம் இல்ல. ஹால் டிக்கெட்டில் ஒட்டின பாஸ்போர்ட் படம் பெரும்பாலும் வீட்டில் இருக்கும்.

தாராவி_84 | 8 டிசம்பர், இரவு 10.10

டீச்சரிடம் படத்தை நேரில் காட்டினேன். இரண்டு வடிவத்தையும் 10×12இல் சோதனை அச்சாக எடுத்துப் போனேன்: மூன்று முகம் அழிந்தபடியே ஒன்று, பொருத்தியது ஒன்று. பொருத்தியதையே அச்சடிக்கச் சொன்னார். பின்னால் அந்த வரியை எழுதவும் சம்மதம். கலருக்கு நானே மறுப்புச் சொன்னேன். யூனிஃபார்ம் நீலம் எந்த நீலம் என்பதில் எங்கள் குழுவிலேயே நான்கு பதில் இருக்கிறது.

இன்செட் படம் கிடைத்துவிட்டது, ஹால் டிக்கெட்டிலிருந்துதான். ரப்பர் ஸ்டாம்ப் மை கன்னத்தின் மேல் ஊதாவாக விழுந்திருக்கிறது. இதற்கு எந்த சேனல்?

ஒளித்தட்டு | 9 டிசம்பர், காலை 6.45

ஊதா மை பச்சை சேனலில் கருப்பாகத் தெரியும், நீலத்தில் மிகவும் வெளிறும். கருப்பு வெள்ளைப் படமாக இருந்தால் நீல சேனல் எடுத்துப் பாருங்கள். மையில் நீலம் அதிகமா சிவப்பு அதிகமா என்பதைப் பொறுத்துச் சிவப்பு சேனலும் கைகொடுக்கலாம், இரண்டையும் பாருங்கள். ஸ்டாம்பின் ஓரக்கோடு எப்படியும் கொஞ்சம் நிற்கும், அதை மட்டும் குளோன் செய்யுங்கள்.

கண்ணாடியோடு உள்ள மூலப் படத்தை என்ன செய்யப் போகிறீர்கள்? மறுபடி அதே சுவரில் மாட்டினால் அடுத்த மழையில் ஒட்டிய இடம் வளரும். பிரித்தே ஆக வேண்டும் என்றால் சத்ரபதி சிவாஜி மகராஜ் அருங்காட்சியகத்தில் பாதுகாப்பு வல்லுநர்களின் மையம் இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் பிரிக்காமல், கண்ணாடி கீழே இருக்க, உலர்ந்த பீரோவில் படுக்கவைத்து, சுவரில் புதிய பிரதியை மாட்டுங்கள். புதியதற்கும் கண்ணாடிக்கும் இடையே நாலு பக்கமும் மவுண்ட் அட்டை வையுங்கள், இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி போதும். முதல் தடவை அந்த இடைவெளி இல்லாததுதான் இத்தனைக்கும் காரணம்.

தாராவி_84 | 22 டிசம்பர், இரவு 9.20

நீல சேனலில் ஸ்டாம்ப் மை கிட்டத்தட்ட மறைந்தது. 4×6 சோதனைப் பட்டை முதல் தடவை லேசாகப் பச்சை அடித்தது, இரண்டாவது சரி. 38 பிரதிக்கும் ஒரு 20×24க்கும் ஆர்டர் கொடுத்தாயிற்று. மூலப் படம் பீரோவில், கண்ணாடி கீழே. புதிய சட்டத்துக்கு மவுண்ட் அட்டை வெட்டியாகிவிட்டது.

பெயர்ப் பட்டையில் பூச்சி தின்ற இரண்டு பெயரில் ஒன்று, திருநெல்வேலியிலிருந்து வந்த செல்போன் படத்தில் படிக்க முடிந்தது. இன்னொன்று அதிலும் இல்லை, அங்கே கட்டைவிரல் மறைத்திருக்கிறது. மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நிற்கும் வரிசை, வலமிருந்து நான்காவது. டீச்சருக்கு முகம் நினைவிருக்கிறது, பெயரின் முதல் எழுத்து "மு" என்கிறார். பட்டை இன்னும் அச்சுக்குப் போகவில்லை, வியாழன் வரை நேரம் இருக்கிறது.

பழைய_நெகடிவ் | 22 டிசம்பர், இரவு 9.50

படத்தோட பின்பக்கத்தையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்க தம்பி. பணம் கட்டினவங்க பெயரை ஸ்டுடியோவில் பென்சிலில் பின்னால எழுதுவாங்க. விளக்கைப் பக்கவாட்டில் ரொம்பத் தாழ வச்சா, அழிஞ்ச பென்சிலும் பள்ளமா தெரியும்.